பதிவு யார் கையில்? ஹேவ்லாக் படகு முதல் திருமலை தரிசனம் வரை போலி டிக்கெட் வியாபாரம்

ஹேவ்லாக்குக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கடைசியில் ஒரு படகு டிக்கெட்டை நம்பித்தான் போகிறார்கள். பயணிகள் விமானம் இறங்க அந்தத் தீவில் இடமில்லை. சென்னையிலிருந்து விமானத்தில் போர்ட் பிளேர் வந்து, அங்கிருந்து தனியார் விரைவுப் படகில் ஏறினால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் ஹேவ்லாக் வந்துவிடும். அரசுப் படகு என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். 2018 டிசம்பரில் தீவின் பெயர் ஸ்வராஜ் த்வீப் என்றும், 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்றும் மாறிவிட்டன. ஆனாலும் பயணம் விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் இன்னும் பழைய பெயர்களில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

சமூக ஊடகங்களில் முன்பதிவுச் சான்று இல்லாமல் விற்கப்படும் டிக்கெட்டுகளையும் யாத்திரைப் பேக்கேஜ்களையும் பற்றி எழுத, யாத்திரைத் தலமே அல்லாத ஹேவ்லாக்கை ஏன் எடுக்க வேண்டும்? இரண்டு பக்கத்து ஏமாற்றமும் அங்கே தெளிவாகத் தெரிகிறது என்பதுதான் காரணம். மதுரையிலோ கோவையிலோ இருக்கும் குடும்பம் ராதாநகர் கடற்கரையைப் பார்க்க இணையத்தில் பேக்கேஜ் வாங்குகிறது. ஹேவ்லாக்கிலும் போர்ட் பிளேரிலும் வாழ்கிறவர்கள் திருப்பதிக்கும் காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போக அதே இணையத்தில் பேக்கேஜ் வாங்குகிறார்கள். இருவருக்கும் நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல். விற்கிறவரின் அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பார்க்க இருவராலும் எளிதில் முடியாது. விற்றவர் தமிழ்நாட்டில் இருந்தால், ஏமாற்றப்பட்டதாகச் சந்தேகிக்கும் திருச்சிக்காரராவது பஸ் ஏறிப் போய்க் கடை வாசலில் நிற்கலாம், தீவுக்காரருக்கு அந்த வழி கிடையாது. 2020 ஆகஸ்ட்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டபோது, அது இணைத்த தீவுகளில் ஹேவ்லாக்கும் ஒன்று. தீவுக்காரர்கள் தாங்களே பதிவு செய்ய அது வழி திறந்தது. முகம் தெரியாத விற்பனையாளர்கள் அவர்களிடம் வந்து சேரவும் அதே வழிதான் பயன்பட்டது.

முதலில் சில்லறை டிக்கெட் மறுவிற்பனையைப் பார்ப்போம். பயணக் குழுக்களில் அடிக்கடி காணும் விளம்பரம் இப்படி இருக்கும்: “வீட்டில் அவசரம், போக முடியவில்லை. போர்ட் பிளேர் – ஹேவ்லாக் இரண்டு டிக்கெட், பாதி விலைக்குத் தருகிறேன்.” கூடவே டிக்கெட்டின் படம். கேட்கிறவருக்கு இரக்கமும் வரும், லாபமும் தெரியும். ஆனால் படகு டிக்கெட் பஸ் டிக்கெட் மாதிரி கையில் இருப்பவருக்குச் சொந்தமான சீட்டு இல்லை. பயணியின் பெயர், வயது, அடையாள அட்டை விவரம் எல்லாம் பதிவில் இருக்கும். ஜெட்டியில் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். பெயர் வேறாக இருந்தால், டிக்கெட் அசலாகவே இருந்தாலும் அது உங்களுக்கு உதவாது. அரசுப் படகில் இன்னொரு சிக்கல் உண்டு. தீவுவாசிகளுக்குச் சலுகைக் கட்டணம் தனி. அந்தக் கட்டணத்தில் எடுத்த டிக்கெட்டைச் சுற்றுலாப் பயணி வாங்கினால், ஜெட்டியில் தீவுவாசி அட்டையைக் காட்டச் சொல்லும்போது மாட்டிக்கொள்வார்.

ரயிலில் இந்த விஷயம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1989 ரயில்வே சட்டத்தின் 142-ஆம் பிரிவு டிக்கெட்டை மற்றவருக்கு மாற்றி விற்பதைக் குற்றமாக்குகிறது. அனுமதியில்லாமல் டிக்கெட் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்தால் 143-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். இது கவுன்ட்டர் டிக்கெட்டுக்கு மட்டுமல்ல, இணையத்தில் எடுக்கும் டிக்கெட்டுக்கும் பொருந்தும் என்று கோட்டயம் ரயில்வே பாதுகாப்புப் படை தொடர்ந்த வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உறுதியான டிக்கெட்டைப் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன் அல்லது மனைவி பெயருக்கு மாற்ற ரயில்வேயிடமே விண்ணப்பிக்கலாம், வண்டி புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பு. பேஸ்புக்கில் அறிமுகமானவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார்.

சில்லறை மறுவிற்பனையில் போகும் பணம் சில ஆயிரம்தான். பேக்கேஜில் குடும்பத்தின் ஒரு வருடச் சேமிப்பே போய்விடுகிறது. அதை விற்பவர்கள் வெறும் கையோடு வருவதில்லை. இப்போதெல்லாம் வாங்குகிறவர்களும் விவரமானவர்கள், ‘பிஎன்ஆர் அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கேட்டுவிடுகிறார்கள். மோசடிக்காரர் அதற்கும் தயாராக இருக்கிறார். அசல் பிஎன்ஆரையே அனுப்புகிறார். இந்த இடத்தைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

விமான டிக்கெட்டை உங்கள் பெயரில், உங்கள் பணத்தில் அல்லாமல் தன் பணத்தில் ஒருவர் எடுக்கலாம். அப்போது பதிவில் இரண்டு தரப்பு இருக்கிறது. பயணம் செய்கிறவர் நீங்கள். பதிவை எடுத்தவர் அவர். விமான நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆரையும் குடும்பப் பெயரையும் போட்டுப் பார்த்தால் உங்கள் பெயர் சுத்தமாகத் தெரியும், ‘உறுதி’ என்றும் காட்டும். நீங்கள் நிம்மதியாக மீதிப் பணத்தை அனுப்புகிறீர்கள். மறுநாள் அவர் அந்தப் பதிவை ரத்து செய்கிறார். ரத்துக் கட்டணம் போக மிச்சப் பணம் எங்கிருந்து செலுத்தப்பட்டதோ அங்கேயே, அதாவது அவருடைய கணக்குக்கே திரும்புகிறது. ரத்துச் செய்தி எஸ்எம்எஸ்ஸாகவும் மின்னஞ்சலாகவும் பதிவில் உள்ள தொடர்பு எண்ணுக்குப் போகும், அதுவும் அவருடையதுதான். விமான நிலையத்தில் நிற்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும். இதைவிட மலிவான வகையும் உண்டு: பணம் கட்டாமல் சில மணி நேரத்துக்குச் சீட்டைப் பிடித்து மட்டும் வைத்துவிட்டு அந்த எண்ணை அனுப்புவது. கெடு முடிந்ததும் பதிவு தானாக உதிர்ந்துவிடும்.

பிஎன்ஆரைச் சரிபார்த்தால் மட்டும் போதாது என்பதன் காரணம் இதுதான். கேட்க வேண்டிய கேள்வி, பதிவில் யாருடைய கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்கிறது என்பது. அவை உங்களுடையவை என்றால் ரத்தோ மாற்றமோ நடந்த நிமிடமே உங்களுக்குத் தெரியும். அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் எடுத்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்து பணம் திரும்பப் பெறுவதற்கு ஐஆர்சிடிசி 2019 முதல் ஓடிபி முறை வைத்திருக்கிறது. ஓடிபி பயணியின் எண்ணுக்குத்தான் வரும், பதிவின்போது முகவர் உங்கள் எண்ணைக் கொடுத்திருந்தால். தன் எண்ணைக் கொடுத்திருந்தால் அந்தப் பாதுகாப்பும் அவர் கைக்கே போய்விடும். நேர்மையான முகவருக்கு உங்கள் எண்ணைப் போடுவதில் எந்தக் கஷ்டமும் இல்லை. ‘சிஸ்டம் எடுக்காது’, ‘குரூப் புக்கிங் அப்படித்தான்’ என்று மழுப்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இனி யாத்திரைப் பேக்கேஜுக்கு வருவோம். கணக்குக்காக ஹேவ்லாக்கில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பெரியவர்கள். “போர்ட் பிளேரிலிருந்து திருப்பதி, நான்கு நாள், விமானம், அறை, சாப்பாடு, விஐபி தரிசனம் உட்பட தலைக்கு 15,000” என்று ஒரு விளம்பரம் அவர்களுக்கு வருகிறது. நால்வருக்கு 60,000. படத்தில் கோபுரம், கீழே வாட்ஸ்அப் எண், “இன்னும் 6 இடம்தான்” என்ற வரி.

திருமலையில் சாதாரணமாக இணையத்தில் கிடைப்பது 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனம். இதற்கான ஒதுக்கீட்டைத் தேவஸ்தானம் மாதாமாதம், ஏறத்தாழ மூன்று மாதம் முன்னதாகவே தன் தளத்தில் வெளியிடுகிறது. டிக்கெட் ஆதாரோடு கட்டியது, பிறருக்கு மாற்ற முடியாது. விஐபி பிரேக் தரிசனத்துக்குப் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் முறையான வழி ஸ்ரீவாணி அறக்கட்டளை நன்கொடை: தலைக்கு 10,000 நன்கொடை, அதன்மேல் 500 டிக்கெட். நால்வருக்கு 42,000. விளம்பரத்தில் சொன்ன 60,000-இல் இதைக் கழித்தால் மிச்சம் 18,000, தலைக்கு 4,500. அதில் போர்ட் பிளேர் – சென்னை போக வர விமானம், திருப்பதிக்கு வண்டி, அறை, நான்கு நாள் சாப்பாடு, முகவரின் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். பல நாட்களில் அந்தத் தொகை ஒருவழி விமானத்துக்கே போதாது. ஒரு நிமிடத்தில் முடியும் இந்தக் கணக்கு பெரும்பாலான போலிப் பேக்கேஜ்களை அம்பலப்படுத்திவிடும். விற்பவரின் முகத்தைப் பார்க்க முடியாவிட்டாலும் அவருடைய கணக்கைப் பார்க்க முடிகிறது.

இதற்கு அவர் சொல்லும் பதிலும் எதிர்பார்க்கக்கூடியதுதான். ‘எங்களுக்குக் கோட்டா இருக்கிறது’ அல்லது ‘சிபாரிசுக் கடிதம் வாங்கித் தருவோம்’. மாநிலச் சுற்றுலாக் கழகங்களுக்குத் தரிசன ஒதுக்கீடு இருந்தது உண்மை, அதை வைத்துப் பல ஆண்டுகள் முறையான பேக்கேஜ்கள் ஓடின. 2024 நவம்பரில் தேவஸ்தான அறங்காவலர் குழு அந்த ஒதுக்கீடுகளை ரத்து செய்யத் தீர்மானித்தது. அரசு நிறுவனங்களுக்கே அந்த நிலை வந்த பிறகு, பெயர் தெரியாத தனியாருக்குக் கோட்டா இருக்கிறது என்ற பேச்சை அப்படியே ஏற்றுக்கொள்ளக் காரணமில்லை. சிபாரிசுக் கடிதத்தை விலைக்கு விற்பதோ, அதுவே குற்றம். திருமலையில் இடைத்தரகர்கள் அதற்காகப் பிடிபட்ட செய்திகள் அடிக்கடி வருகின்றன. அசல் கடிதமாகவே இருந்தாலும், காசு கொடுத்து வாங்கியவரும் அங்கே பதில் சொல்லத்தான் வேண்டியிருக்கும். தேவஸ்தானத்தின் பெயரில் போலித் தளங்கள் தோன்றுவதும் புதிதல்ல. 2023 வரையிலேயே நாற்பதுக்கு மேற்பட்ட போலித் தளங்கள் மீது தேவஸ்தானம் புகார் கொடுத்திருந்தது. அசல் முகவரி ttdevasthanams.ap.gov.in. இறுதியில் வரும் gov.in தான் முக்கியம். ‘tirumala’, ‘darshan’ என்ற சொற்களை யார் வேண்டுமானாலும் தங்கள் முகவரியில் வைத்துக்கொள்ளலாம், gov.in என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும்.

இது திருப்பதியோடு நிற்கும் விஷயம் அல்ல என்று 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையமே எச்சரித்தது. கேதார்நாத் ஹெலிகாப்டர் பதிவு, சார்தாம் யாத்திரிகர்களுக்கான விடுதி அறைகள், வாடகைக் கார், விடுமுறைப் பேக்கேஜ், யாத்திரைச் சுற்றுலா ஆகியவற்றின் பெயரில் போலித் தளங்களும் பேஸ்புக் பக்கங்களும் வாட்ஸ்அப் கணக்குகளும் கூகுள் விளம்பரங்களும் இயங்குவதாக அந்த எச்சரிக்கை பட்டியலிட்டது. பணம் வாங்கிய பிறகு உறுதிச்சீட்டு வராது, தொடர்பு எண்ணும் எடுக்கப்படாது என்று நடைமுறையையும் சொன்னது. கேதார்நாத் ஹெலிகாப்டருக்கு heliyatra.irctc.co.in, சோமநாதர் கோயில் விடுதிக்கு somnath.org என்று அசல் முகவரிகளையும் கொடுத்தது. கேதார்நாத்தில் இன்னொரு சோதனையும் கைவசம் இருக்கிறது. யாத்திரைப் பதிவு எண் இல்லாமல் அந்த ஹெலிகாப்டர் டிக்கெட்டை எடுக்க முடியாது. அந்த எண்ணைக் கேட்காமலே ‘டிக்கெட் ரெடி’ என்று ஒருவர் சொன்னால் அவர் எந்தத் தளத்திலும் பதிவு செய்யவில்லை என்று அர்த்தம்.

கூகுள் விளம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேடும்போது முதலில் வருவதே அசல் என்று நம்புவது நம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. முதல் இடம் பணம் கொடுத்தால் கிடைக்கும். வயதான அம்மா அப்பாவுக்காக அவசரமாகக் கைபேசியில் தேடுகிற பிள்ளைகள் இதில் விழுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் அவர்கள் மேல் வருவதில்லை, அந்த விளம்பரத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு அதை மேலே வைத்தவர்கள் மேல்தான் வருகிறது.

மறுபக்கம், தமிழ்நாட்டிலிருந்து ஹேவ்லாக்குக்குப் பேக்கேஜ் வாங்குகிறவர்களுக்கு நேரும் சிக்கல் பெரும்பாலும் வேறு வகை. விற்றவர் ஏமாற்றுக்காரராகவே இருக்க வேண்டியதில்லை. சென்னையிலோ டில்லியிலோ இருக்கும் முகவர் பணத்தை வாங்கி, தீவில் கார், படகு, அறை எல்லாவற்றையும் போர்ட் பிளேரில் உள்ள உள்ளூர் முகவரிடம் ஒப்படைக்கிறார். உங்களிடம் இருப்பது முதல் முகவர் தன் லெட்டர்பேடில் அடித்த வவுச்சர். அவர் உள்ளூர் முகவருக்குப் பணம் அனுப்பாவிட்டால், போர்ட் பிளேரில் இறங்கிய பிறகு, ‘உங்கள் ஆள் எங்களுக்குக் கட்டவில்லை, நீங்கள் கட்டினால்தான் படகு டிக்கெட்’ என்று சொல்வார்கள். அன்று கடைசிப் படகை விட்டால் ஓர் இரவும் ஹேவ்லாக்கில் எடுத்த அறை வாடகையும் போயிற்று. இதில் எது மோசடி, எது வியாபாரத் தகராறு என்று பிரிப்பது போலீசுக்கே கடினம்.

இதைத் தடுக்க வழி உண்டு, கொஞ்சம் உழைப்பு வேண்டும். வவுச்சரைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அதை உண்மையில் நடத்துகிறவரின் சான்றைக் கேளுங்கள். படகுக்குப் படகு நிறுவனத்தின் டிக்கெட், அதில் போகிற எல்லோர் பெயரும் இருக்க வேண்டும். அறைக்கு விடுதியின் சொந்த உறுதிச்சீட்டு. விடுதியின் எண்ணை முகவரிடம் வாங்காமல் நீங்களே தேடி எடுத்து, கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: எங்கள் பெயரில் அறை இருக்கிறதா? பணம் முழுதும் வந்துவிட்டதா? இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை, சிக்கல் அதில்தான் இருக்கிறது. டிக்கெட் படத்தையும் நிதானமாகப் பாருங்கள். வேறொருவருடைய டிக்கெட்டில் பெயரை மாற்றியவர் மற்ற வரிகளில் தடயம் விட்டிருப்பார்: தேதியும் கிழமையும் பொருந்தாது, பெயர் வரியின் எழுத்து மற்ற வரிகளைவிடத் தடித்திருக்கும், கட்டணமும் வரியும் கூட்டினால் மொத்தம் வராது. படகு வகுப்புகளின் பெயர்கூட நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மக்ரூஸ் படகில் பிரீமியம், டீலக்ஸ், ராயல் என்று இருக்கும். அந்த நிறுவனத்தின் பெயரில் வந்த டிக்கெட்டில் ‘எகானமி’ என்று இருந்தால் உடனே நிறுவனத்தைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.

முகவரையும் சோதிக்கலாம். ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். பதினைந்து எழுத்து. முதல் இரண்டு மாநில எண்: தமிழ்நாட்டுக்கு 33, அந்தமானுக்கு 35. அடுத்த பத்தும் பான் எண். மொத்தத்தில் ஆறாவது எழுத்து P என்றால் தனிநபர், F என்றால் கூட்டு நிறுவனம், C என்றால் கம்பெனி. ‘பிரைவேட் லிமிடெட்’ என்று பலகை போட்டவரின் ஆறாவது எழுத்து P ஆக இருந்தால் அந்த எண் வேறு யாருடையதோ, அல்லது பலகை பொய். ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டால் சட்டப்பூர்வப் பெயரும் பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதும் கட்டணமில்லாமல் தெரியும். அந்தப் பெயரும், யுபிஐயில் பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். 2025 நடுப்பகுதியிலிருந்து யுபிஐ செயலிகள் வங்கியில் பதிவான பெயரையே காட்ட வேண்டும் என்பது விதி. நிறுவனத்தின் பெயரில் பேக்கேஜை விற்றுவிட்டு, பணத்தை மட்டும் சம்பந்தமில்லாத ஒருவர் பெயருக்கு அனுப்பச் சொன்னால் அது பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த கணக்கு.

இவ்வளவுக்கும் ஓர் எல்லை உண்டு. ஜிஎஸ்டி எண் சரியாக இருக்கும் முகவரும் பாதியில் கைவிடலாம். சிறு ஊர்களில் நேர்மையாகத் தொழில் செய்யும் பல முகவர்கள் ஜிஎஸ்டி வரம்புக்குக் கீழே இருப்பார்கள், எண் இல்லாததே குற்றமாகிவிடாது. ஆகவே எதுவானாலும் முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காமல், ஒவ்வொரு டிக்கெட்டும் உங்கள் எண்ணுக்கு வந்த பிறகு அதற்குரிய பணத்தைக் கொடுப்பதுதான் மிச்சமிருக்கும் காப்பு. ஆதார் நகலையும் அப்படியே அனுப்ப வேண்டாம். முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரை யுஐடிஏஐ தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

பணம் போய்விட்டால் முதலில் செய்ய வேண்டியது 1930-க்குக் கூப்பிடுவது அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதிவது. போலீஸ் நிலையத்துக்குப் போவது அதற்கு அடுத்து. இதில் நேரம்தான் எல்லாம். புகார் பதிந்ததும் வங்கிகளுக்கு இடையே செய்தி போய், பணம் இருக்கும் கணக்கில் அந்தத் தொகை நிறுத்திவைக்கப்படுகிறது. பணம் இன்னும் கணக்கில் இருந்தால்தான் இது பலிக்கும். ஏடிஎம்மில் எடுத்துவிட்டார்கள் என்றால் வழக்கு நடக்கும், பணம் வருவது கஷ்டம். கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியது பரிமாற்றத்தின் பன்னிரண்டு இலக்க யுடிஆர் எண், தேதி, நேரம், தொகை, போன கணக்கு. உரையாடல்களை அழிக்கக் கூடாது. ‘ரீஃபண்ட் புராசஸிங்’ என்று மறுபடி பணம் கேட்டால் கொடுக்கக் கூடாது. ஏமாந்த அவமானத்தில் இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். அந்த இரண்டு நாளில்தான் பணம் கைமாறிப் போகிறது.

குற்ற வழக்கு என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவும், ஆள்மாறாட்டம் இருந்தால் 319-உம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் வரும். எல்லைப் பிரச்சினை சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது, எந்தக் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்ஐஆர் பதியலாம். தீவுக்காரருக்கு இது பெரிய வசதி. பணம் வாங்கியவர் டில்லியில் இருந்தாலும் ஹேவ்லாக் நிலையத்திலேயே கொடுக்கலாம். மோசடி அல்ல, வாக்குத் தவறியது என்ற வகையென்றால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டம் புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது, 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இதையெல்லாம் வாங்குகிறவர் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை. படகு நிறுவனங்களும் அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் துறையும் ஒரு காரியம் செய்யலாம். டிக்கெட் எண்ணையும் பயணியின் கைபேசி எண்ணையும் போட்டால் பதிவின் நிலையைக் காட்டும் பக்கத்தை, கணக்குத் தொடங்கச் சொல்லாமல், எல்லோருக்கும் திறந்து வைக்கலாம். முகவர் எடுத்த டிக்கெட்டை ரத்து செய்யும்போது பயணியின் எண்ணுக்கு ஓடிபி போவதைக் கட்டாயமாக்கலாம். ரயிலில் 2019-லேயே வந்துவிட்ட முறைதான் இது. அதைப் படகுக்குக் கொண்டுவரப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, டிக்கெட் மென்பொருளில் ஒரு மாற்றம் செய்தால் போதும்.